டெண்டர் நிபந்தனைகளைக் கம்ப்ளையன்ஸ் அட்டவணையாக மாற்றுவது எப்படி: ஏற்காடு தெருவிளக்கு டெண்டரை வைத்து ஒரு வழிகாட்டி

சேலம் சூரமங்கலம் பக்கம் எல்இடி விளக்கு தயாரிக்கும் சின்னப் பட்டறை ஒன்றில் டெண்டர் வேலை என் தலையில் விழுந்தபோது, "கம்ப்ளையன்ஸ் ஷீட் போட்டு அனுப்பிடு" என்று மட்டும்தான் சொன்னார்கள். நிபந்தனை எண், டெண்டர் கேட்பது, எங்கள் பதில், ஆதார ஆவணம் என்று நான்கு பத்தியில், டெண்டரின் ஒவ்வொரு நிபந்தனைக்கும் பதில் சொல்லும் அட்டவணை அது. எப்படிப் போடுவது என்று யாரும் சொல்லவில்லை. தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதை, அதே நாற்காலியில் புதிதாக உட்காருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

கையில் பிடித்துக்கொள்ள ஒரு டெண்டர் வேண்டும். ஏற்காடு மலையில் நாகலூர், வாழவந்தி போன்ற ஊர்களுக்கு 70 வாட் எல்இடி தெருவிளக்கு 600, மாட்டித் தருவது உட்பட, மதிப்பீடு 60 லட்சம், தொழில்நுட்பத்துக்கு ஒன்று, விலைக்கு ஒன்று என இரண்டு கவர் முறை என்று வைத்துக்கொள்வோம். எண்கள் நான் போட்டவை. நிபந்தனைகளின் தன்மை இந்த வகை டெண்டர்களில் வழக்கமாக வருவதுதான்.

நாள் கணக்கை முதலிலேயே மனதில் வையுங்கள். தமிழ்நாடு டெண்டர் விதிகள் 2000-ன்படி 2 கோடி வரையான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும், அதற்கு மேல் என்றால் 30 நாள். நம்முடையது 60 லட்சம், ஆகவே 15 நாள்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறும் அதற்குள்தான்.

## 1. எல்லாக் கோப்பையும் இறக்கி ஒரே இடத்தில் வையுங்கள்

tntenders.gov.in-ல் டெண்டர் எண்ணைத் தேடி, டெண்டர் அறிவிப்பு, டெண்டர் ஆவணம், விலைப்பட்டியல் எக்செல், திருத்த அறிவிப்பு என்று அங்கே இருப்பது அத்தனையும் இறக்குங்கள். வேறு யாரோ வாட்ஸப்பில் அனுப்பிய பிரதியை வைத்து வேலை தொடங்காதீர்கள். அதில் திருத்தம் சேர்ந்ததா இல்லையா என்று தெரியாது. விலைப்பட்டியல் எக்செலின் பெயரை மட்டும் மாற்ற வேண்டாம், பெயர் மாறினால் தளம் அதை ஏற்காது.

## 2. நிபந்தனையைத் துண்டு போடுங்கள்

அட்டவணையின் தரம் இந்த இடத்தில்தான் முடிவாகிறது. ஒரு நிபந்தனை எண்ணுக்கு ஒரு வரிசை என்று போடுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் டெண்டர் எழுதுகிறவர்கள் ஒரே எண்ணுக்குள் ஏழெட்டு விஷயத்தை அடைத்துவிடுவார்கள். நம் டெண்டரில் 4.3.2 என்ற நிபந்தனை இப்படி இருக்கிறது:

"விளக்கு 70 வாட் (கூடக்குறைய 5 சதவீதம்), அலுமினிய டைகாஸ்ட் உடல், ஐபி 66, ஐகே 08, உள்ளேயே 10 கேவி சர்ஜ் பாதுகாப்பு, விளக்கின் மொத்த ஒளித்திறன் வாட்டுக்கு 120 லூமனுக்குக் குறையாமல், ஒளி நிறம் 4000 கெல்வின், பவர் ஃபேக்டர் 0.95-க்கு மேல் இருக்க வேண்டும். என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் எல்எம்-79 அறிக்கை இணைக்க வேண்டும்."

இதற்கு ஒரே வரிசை போட்டு "இணங்குகிறோம்" என்று எழுதினால், மதிப்பிடும் பொறியாளர் ஒன்பது விஷயங்களையும் அவரே தேடிப் பார்க்க வேண்டும். அதில் ஒன்று கிடைக்காவிட்டாலும் மொத்த வரிசையும் அடிபடும். அதைவிட மோசம், நமக்கே ஒன்று இல்லை என்பது தெரியாமல் போய்விடும். 4.3.2 (1) வாட், 4.3.2 (2) உடல், 4.3.2 (3) ஐபி என்று ஒன்பது வரிசையாகப் பிரியுங்கள். துண்டு போடும் அளவுகோல் எளிது: தனியாக ஆம், இல்லை என்று சொல்லக்கூடியது எதுவோ அது ஒரு வரிசை.

எங்கே தேடுவது என்பதும் முக்கியம். தொழில்நுட்பப் பகுதி, தகுதிப் பகுதி இரண்டையும் எல்லோரும் படிப்பார்கள். ஆனால் நிபந்தனைகள் வேறு இடங்களிலும் ஒளிந்திருக்கும். பணம் வழங்கும் முறை என்ற தலைப்பின் கீழே "ஐந்து ஆண்டு வாரண்டிக்கான உறுதிமொழியை ஏலதாரர் தம் கடிதத்தாளில் தர வேண்டும்" என்று ஒரு வரி வரும். இணைப்புப் படிவத்தின் அடிக்குறிப்பில் "ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்தும் முத்திரையும்" என்றிருக்கும். விலைப்பட்டியலின் கடைசி வரியில் "விலையில் மலைப்பாதைப் போக்குவரத்தும் இறக்குகூலியும் அடக்கம்" என்று இருக்கும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி 600 விளக்கு போய்ச் சேர வேண்டும், அந்தச் செலவு நம்முடையது என்று அந்த ஒரு வரி சொல்லிவிடுகிறது.

"வேண்டும்", "கட்டாயம்", "இணைக்க", "சமர்ப்பிக்க", "தவறினால் நிராகரிக்கப்படும்" என்ற பொருள் தரும் சொல் எங்கே வந்தாலும் நிறுத்தி ஒரு வரிசை போடுங்கள். "நிராகரிக்கப்படும்" என்று இருந்தால் அந்த வரிசைக்கு வேறு நிறம் கொடுங்கள். நம் டெண்டர் அளவுள்ள ஆவணத்தில் நூறுக்கு மேல் வரிசை வந்தால் பயப்பட வேண்டாம், அதுதான் சரியான அளவு. நாற்பதில் முடிந்துவிட்டால் சந்தேகப்படுங்கள்.

இந்த வேலையை முதல் இரண்டு நாளுக்குள் முடிக்கப் பாருங்கள். சந்தேகம் கேட்கும் முன்கூட்டம் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே வந்துவிடும். துண்டு போடாமல் போனால் என்ன கேட்பது என்றே தெரியாது.

## 3. நிபந்தனை எண் பத்தி

எண்ணை மட்டும் எழுதினால் போதாது. தொகுதி 1-லும் 4.3.2 இருக்கும், தொகுதி 2-லும் 4.3.2 இருக்கும். "தொகுதி 2, பிரிவு 4, 4.3.2 (6), பக்கம் 38" என்று முழுதாக எழுதுங்கள். எண்ணே இல்லாத வரி என்றால் பக்க எண்ணும், அந்தப் பக்கத்தில் எத்தனையாவது பாரா என்பதும் போடுங்கள்.

பக்கத்திலேயே டெண்டரின் வாசகத்தை அப்படியே ஒட்டுங்கள். உங்கள் சொல்லில் சுருக்கி எழுத வேண்டாம். "விளக்கின் மொத்த ஒளித்திறன்" என்பது சுருக்கத்தில் "ஒளித்திறன்" ஆகிவிட்டால், சிப்பின் கணக்கைக் காட்டிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவோம். அது ஏன் ஆபத்து என்பது அடுத்ததில்.

## 4. பதிலுக்கு முன் ஆவணப் பத்தியை நிரப்புங்கள்

வரிசைப்படி பார்த்தால் பதில் முதலில், ஆதாரம் பிறகு. ஆனால் வேலையைத் தலைகீழாகச் செய்யுங்கள். பதிலை ஒரு மாலையில் எழுதிவிடலாம், ஆவணம் அப்படி வராது. ஆவணத்தைக் கையில் எடுத்துப் படித்த பிறகுதான் என்ன பதில் எழுத முடியும் என்பதே தெரியும்.

எல்எம்-79 அறிக்கையையே எடுத்துக்கொள்வோம். இது முழு விளக்கையும் எரியவிட்டு அளப்பது. எல்எம்-80 என்பது வேறு, அது எல்இடி சிப்பின் ஒளி காலப்போக்கில் எவ்வளவு குறைகிறது என்று சிப் தயாரிப்பாளர் தரும் அறிக்கை. ஒன்றைக் கேட்ட இடத்தில் இன்னொன்றை இணைக்கும் குழப்பம் அடிக்கடி நடக்கும். நம் அறிக்கையில் 68.4 வாட், 8480 லூமன் என்று இருக்கிறது. 70 வாட்டில் 5 சதவீதம் கூடக்குறைய என்றால் 66.5-லிருந்து 73.5 வரை, ஆகவே வாட் சரி. 8480-ஐ 68.4-ஆல் வகுத்தால் 124, கேட்டது 120, இதுவும் சரி. சிப்பின் கையேட்டில் வாட்டுக்கு 150 லூமன் என்று போட்டிருக்கும். அதை இங்கே எழுதவே கூடாது. டிரைவரிலும் லென்சிலும் வெப்பத்திலும் இழப்பது அதில் கழியவில்லை.

இத்தோடு முடியவில்லை. அதே அறிக்கையில் இன்னும் நான்கு இடம் பாருங்கள்.

முதலாவது, மாடல் எண். அறிக்கையில் எஸ்எல்-70-சி என்றும் நாம் தரப்போவது எஸ்எல்-70-என் என்றும் இருந்தால் அந்த அறிக்கை நமக்கு உதவாது. சி என்பது 5700 கெல்வின் மாடலாக இருக்கும், டெண்டர் கேட்டது 4000. "இரண்டும் ஒரே விளக்குதான், சிப்பின் நிறம்தான் வேறு" என்று வாயால் சொல்லலாம், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தாள்தான் பேசும். 4000-ல் ஒளித்திறன் பொதுவாகக் கொஞ்சம் குறைவு என்பதால் 124 என்ற எண்ணும் அப்படியே பொருந்தாது.

இரண்டாவது, ஆய்வகத்தின் அங்கீகாரம். என்ஏபிஎல் அங்கீகாரம் ஆய்வகத்துக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை, எந்தெந்தச் சோதனைக்கு என்று பட்டியல் உண்டு. அறிக்கையில் என்ஏபிஎல் சின்னமும் யுஎல்ஆர் எண்ணும் இருக்கிறதா, ஆய்வகத்தின் அங்கீகாரப் பட்டியலில் இந்தச் சோதனை இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, தேதி. "மூன்று ஆண்டுக்கு மிகாத அறிக்கை" என்ற வரி டெண்டரில் எங்காவது இருக்கலாம். அதைத் தனி வரிசையாகப் போட்டிருந்தால் இப்போது கண்ணில் படும்.

நான்காவது, பெயரும் முகவரியும். தெருவிளக்குக்கு ஐஎஸ் 10322 பகுதி 5 பிரிவு 3-ன் கீழ் பிஐஎஸ் பதிவு கட்டாயம். அந்தப் பதிவில் இருக்கும் தொழிற்சாலை முகவரி, உத்யம் சான்றில் இருப்பது, ஜிஎஸ்டி சான்றில் இருப்பது மூன்றும் ஒத்துப்போக வேண்டும். பட்டறையைச் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து மாற்றிவிட்டு ஒரு சான்றில் மட்டும் பழைய முகவரியை விட்டு வைத்தவர்கள் இந்த இடத்தில் திண்டாடுவார்கள்.

புதிதாகச் சோதனை செய்ய வேண்டும் என்றால் வாரக்கணக்கில் ஆகும். 15 நாள் டெண்டரில் அது நடக்காது. ஆகவே அறிக்கை இல்லை என்பது மூன்றாம் நாளே தெரிந்துவிட்டால், இந்த டெண்டரை விடுவதா வேண்டாமா என்று முதலாளியிடம் அப்போதே பேசிவிடலாம்.

தகுதிப் பகுதியில் நேரம் தின்பவை மூன்று. ஆடிட்டர் தரும் விற்றுமுதல் சான்று ஒன்று. அதில் 18 இலக்க யுடிஐஎன் இருக்க வேண்டும், 2019 பிப்ரவரி முதல் ஆடிட்டர் தரும் சான்றுகளுக்கு அது கட்டாயம். வாங்கிய உடனே ஆடிட்டர்களின் அமைப்பான ஐசிஏஐ-யின் தளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். அடுத்தது, தடைப்பட்டியலில் இல்லை என்ற உறுதிமொழிப் பத்திரம். முத்திரைத்தாள் கட்டணம் 2024-ல் உயர்ந்துவிட்டது, பழைய டெண்டருக்கு வாங்கிய இருபது ரூபாய்த் தாள் மிச்சம் இருக்கிறதே என்று அதில் அடிக்காதீர்கள். டெண்டர் எண் அதில் இருக்க வேண்டும், தேதி அறிவிப்புக்குப் பிந்தையதாக இருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் பெரிய தலைவலி, அனுபவச் சான்று. வழக்கமான வாசகம் இது: மதிப்பீட்டில் 80 சதவீதத்துக்கு ஒரு வேலை, அல்லது தலா 50 சதவீதத்துக்கு இரண்டு, அல்லது தலா 40 சதவீதத்துக்கு மூன்று. நம் 60 லட்சத்துக்கு 48, 30, 24 லட்சம். கையில் இரண்டு வேலை இருக்கிறது, ஒன்று 31.2 லட்சம், இன்னொன்று 28.5 லட்சம். இரண்டாவது 30-ஐத் தொடவில்லை. ஆனால் 28.5 என்பது ஜிஎஸ்டி இல்லாமல். 18 சதவீதம் சேர்த்தால் 33.6 லட்சம். ஜிஎஸ்டி சேருமா சேராதா என்று டெண்டரில் எழுதவில்லை என்றால், அதை நாமே நமக்குச் சாதகமாக முடிவு செய்துகொள்ளக் கூடாது. முன்கூட்டத்தில் எழுத்தில் கேளுங்கள். பதில் எழுத்தில் வந்தால் அந்தப் பதிலையே ஆவணப் பத்தியில் காட்டலாம். ஒர்க் ஆர்டர் மட்டும் போதாது என்பதையும் மறக்காதீர்கள். வேலை முடித்த சான்றும் வேண்டும், அதில் யார் கையெழுத்து என்று டெண்டர் கேட்கிறதோ அவரே போட்டிருக்க வேண்டும். அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தால் அந்தக் கையெழுத்துக்கு அலைய வேண்டியிருக்கும், அதனால் இதை முதல் நாளே கிளப்பிவிடுங்கள்.

ஏலத்தோடு கட்ட வேண்டிய முன்வைப்புத் தொகை, அதில் கிடைக்கும் விலக்கு பற்றி ஒரு வார்த்தை. நம் மதிப்பீட்டுக்கு 1 சதவீதம் என்றால் 60,000 ரூபாய். உத்யம் சான்று இருந்தாலே விலக்கு என்று நினைத்துவிட வேண்டாம். யாருக்கு, எந்தப் பொருளுக்கு விலக்கு என்று அந்த டெண்டரின் வரியிலேயே இருக்கும். உத்யம் சான்றில் நம் தொழில் வணிகம் என்று பதிவாகி, டெண்டர் உற்பத்தியாளருக்கு மட்டும் விலக்கு தந்தால், பணம் கட்டாமல் விட்டவர் முதல் கவரிலேயே வெளியே போவார்.

## 5. பதில் பத்தியை எழுதுவது

"இணங்குகிறோம்" என்ற சொல்லோடு நிற்காதீர்கள். நாம் தருவது என்ன, எவ்வளவு, எங்கே பார்க்கலாம் என்று ஒரு வாக்கியம் சேருங்கள். நம் 4.3.2 இப்படி வரும்:

| நிபந்தனை எண் | டெண்டர் கேட்பது | எங்கள் பதில் | ஆதார ஆவணம் |
|---|---|---|---|
| தொ.2, 4.3.2 (1), ப.38 | 70 வாட், கூடக்குறைய 5% | இணங்குகிறோம். எஸ்எல்-70-என், அளந்த அளவு 68.4 வாட் | ஆவணம் 7, எல்எம்-79 அறிக்கை, ப.64 |
| தொ.2, 4.3.2 (6), ப.38 | விளக்கின் மொத்த ஒளித்திறன் 120 லூமன்/வாட் | இணங்குகிறோம். அளந்த அளவு 124 லூமன்/வாட் | ஆவணம் 7, ப.65 |
| தொ.1, 9.4, ப.21 | ஐந்து ஆண்டு வாரண்டி உறுதிமொழி | இணங்குகிறோம். உறுதிமொழி கடிதத்தாளில் இணைத்துள்ளோம் | ஆவணம் 14, ப.97 |
| தொ.1, 11.2, ப.24 | தாமத அபராதம் | படித்து ஏற்கிறோம் | தனி ஆவணம் தேவையில்லை |

கடைசி வரிசையைப் பாருங்கள். எல்லா நிபந்தனைக்கும் ஆவணம் இருக்காது. அந்தக் கட்டத்தைக் காலியாக விடாமல் "தேவையில்லை" என்று எழுதிவிடுங்கள். காலிக் கட்டம் என்றால் மறந்துவிட்டோம் என்றுதான் படிக்கிறவர் நினைப்பார்.

எழுதக் கூடாத சில வாசகங்கள் உண்டு. "ஆர்டர் கிடைத்ததும் சமர்ப்பிப்போம்" என்பது இப்போது இல்லை என்று ஒப்புக்கொள்வது. "அல்லது அதற்கு இணையான" என்பதை நாம் சேர்த்தால், எதைத் தரப்போகிறோம் என்று நாமே முடிவு செய்யவில்லை என்றாகும். "போக்குவரத்துச் செலவு தனி" என்று சேர்த்தால் அது நிபந்தனையோடு கூடிய ஏலம், தள்ளிவிடுவார்கள். விலை சம்பந்தப்பட்ட எந்த எண்ணும் இந்த அட்டவணையில் வரக் கூடாது. இது தொழில்நுட்பக் கவரில் போவது, விலை கசிந்தால் அதோடு முடிந்தது. பழைய ஒர்க் ஆர்டரில் ஒரு விளக்கின் விலை இருந்தால்? அது முடிந்துபோன வேலையின் விலை, இந்த ஏலத்துக்கானது இல்லை. ஆர்டரின் மொத்த மதிப்பு தெரிந்தால்தான் அனுபவத்தையும் கணக்கிட முடியும், அதனால் அதை மறைக்க வேண்டாம்.

உண்மையிலேயே ஒரு நிபந்தனைக்குப் பொருந்தவில்லை என்றால், டெண்டர் விலகலை அனுமதிக்கிறதா என்று பாருங்கள். அனுமதித்தால் அதற்குரிய படிவத்தில் எழுதி, அட்டவணையிலும் அதே சொல்லில் எழுதுங்கள். அனுமதிக்கவில்லை என்றால் இரண்டே வழி: முன்கூட்டத்தில் மாற்றக் கேட்பது, அல்லது இந்த டெண்டரை விடுவது. இல்லாததை "இணங்குகிறோம்" என்று எழுதிவிட்டு ஆர்டர் வாங்கினால், பொருள் ஏற்காட்டில் இறங்கிய பிறகு ஆய்வில் திரும்பி வரும்.

## 6. திருத்த அறிவிப்பு வந்தால்

முன்கூட்டத்துக்குப் பிறகு திருத்தம் வராத டெண்டர் குறைவு. தினமும் காலையில் தளத்தைப் பாருங்கள். வாரண்டி ஐந்திலிருந்து ஏழு ஆண்டு ஆனது என்று வைத்துக்கொள்வோம். அட்டவணையில் எண்ணை மாற்றினால் மட்டும் போதாது. ஆவணம் 14-ல் கையெழுத்துப் போட்ட உறுதிமொழியில் இன்னும் ஐந்து என்றுதான் இருக்கும். அதனால் திருத்தத்தில் வரும் ஒவ்வொரு வரிக்கும் பதில், ஆவணம் இரண்டு பத்தியையும் திறந்து பார்க்க வேண்டும். எண் பத்தியில் "திருத்தம் 1, வரி 3-ன்படி" என்று சேர்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே ஏற்றிவிட்டிருந்தாலும், கடைசி நேரம் வரை திருத்தி மறுபடி ஏற்றலாம். ஆனால் "வித்டிரா" பொத்தானை அமுக்கிவிடாதீர்கள். வாபஸ் வாங்கினால் அதே டெண்டரில் மறுபடி நுழைய முடியாது.

## 7. பக்க எண், பிடிஎஃப், ஏற்றுவது

பக்க எண்ணைக் கடைசியாகத்தான் போட முடியும். எல்லா ஆவணமும் சேர்ந்த பிறகு ஒரே தொடர் எண் அடித்து, அதன்பின் அட்டவணையில் "ப.64" என்ற எண்களை நிரப்புங்கள். நடுவில் ஒரு தாள் சேர்ந்தால் அதற்குப் பின்னால் எல்லாமே மாறும். ஆகவே இதற்கு அரை நாள் தனியாக ஒதுக்குங்கள். வேறொருவரிடம் அட்டவணையைக் கொடுத்து, பத்துப் பதினைந்து வரிசையை எங்கெங்கோ தொட்டு அந்தப் பக்கம் திறக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எழுதியவர் கண்ணுக்குத் தன் தவறு தெரியாது.

காலிக் கட்டம் இருக்கிறதா என்று பார்க்க எக்செலில் இது போதும். பதிலும் ஆவணமும் D, E பத்தியில் இருந்தால்:

```
=COUNTBLANK(D2:E131)
```

விடை 0 வர வேண்டும்.

எங்கள் பட்டறையில் எக்செலில் இன்னும் இரண்டு பத்தி வைத்திருப்போம்: யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள். "ஆடிட்டர் போன் எடுக்கவில்லை", "இது சந்தேகம்" என்றெல்லாம் அதில் இருக்கும். அந்தப் பத்திகளை மறைத்து வைத்து எக்செலாக ஏற்றினால், அங்கே ஒருவர் விரித்துப் பார்த்துவிடலாம். எக்செல்தான் வேண்டும் என்று டெண்டர் கேட்டால் அவற்றை நீக்கிய தனிக் கோப்பு செய்யுங்கள். மற்றபடி பிடிஎஃப்தான் நல்லது.

ஸ்கேனை 100 டிபிஐ கருப்பு வெள்ளையில் வையுங்கள், கோப்பு சின்னதாக இருக்கும். ஆனால் ஆய்வக அறிக்கையின் சின்ன எழுத்து படிக்க முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள். முடியாவிட்டால் அந்தப் பக்கங்களுக்கு மட்டும் கூட்டுங்கள். கையெழுத்துக்கு மூன்றாம் வகுப்பு டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். அதன் காலாவதித் தேதியை டெண்டர் எடுத்த அன்றே பாருங்கள், புதுப்பிக்க ஓரிரு நாள் போகும்.

கடைசி நாள் மதியம் 3 மணி என்று இருந்தால் முந்தின நாள் மாலையே ஏற்றிவிடுங்கள். தளத்தின் மேலே ஓடும் கடிகாரம்தான் கணக்கு, நம் கைக்கடிகாரம் இல்லை. ஏற்றியதும் வரும் ஒப்புகைச் சீட்டை அச்செடுத்து, இறுதி அட்டவணையின் பிரதியோடு அதே கோப்பில் வையுங்கள். தொழில்நுட்பக் கவர் திறந்த பிறகு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால், பதிலை அந்தப் பிரதியின் வரிசை எண்ணையும் பக்க எண்ணையும் குறிப்பிட்டு எழுத வேண்டியிருக்கும்.